பழைய பொருள் குழுவில் யாருக்கு முதல் உரிமை: நான்கு விதிகளும் ஒரு வாஷிங் மெஷினும்

எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக், 168 வீடுகள். மேடவாக்கம் பக்கம். பழைய பொருள் வாங்கவும் விற்கவும் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதற்கு நானும் ஓர் அட்மின். சண்டைகள் நிறையப் பார்த்தாயிற்று. யோசித்துப் பார்த்தால் விலையைப் பற்றிய சண்டை அதிகம் வந்ததே இல்லை. விலை பிடிக்காதவர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். வருகிற சண்டையெல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "நான்தானே முதல்ல கேட்டேன்?"

அதனால் குழுவுக்கு விதி எழுதுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஒரு பொருளை இரண்டு பேர் கேட்டால் யாருக்கு? அவர் வரவில்லை என்றால் உரிமை எப்போது அடுத்தவருக்குப் போகும்? இதற்கு நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலில் கேட்டவருக்கு, விற்பவர் விரும்பியவருக்கு, அதிகம் தருபவருக்கு, சீட்டில் பெயர் வந்தவருக்கு. நான்கையும் எங்கள் குழு ஒரு கட்டத்தில் முயன்றிருக்கிறது. ஒரே சம்பவத்தை நான்கு விதியிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சம்பவம் இது. ஏ பிளாக் ஆறாவது மாடிக் குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனது. ஆனி கடைசி வாரம். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்ற மாட்டார்கள் என்பதால் அந்த வாரத்தில் எங்கள் குழுவில் பொருட்கள் மழையாகக் கொட்டும். சனிக்கிழமை காலை 10:12-க்கு அவர்கள் ஒரு படம் போட்டார்கள். 7 கிலோ ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின், ஐந்து வருடப் பழசு, விலை 9,000 ரூபாய். ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு லாரி வருகிறது என்பதைப் போடவில்லை.

10:13-க்கு பி பிளாக் சார் ஒருவர் குழுவில் 'இன்ட்ரஸ்டட்' என்று எழுதினார். 10:20-க்கு சி பிளாக்கிலிருந்து ஒரு பெண் தனிச்செய்தியில் கேட்டார்: "அக்கா, இப்பவே வந்து பாக்கலாமா? பணம் ரெடியா இருக்கு." 10:41-க்கு இன்னொருவர், அவரும் தனிச்செய்தியில், "பத்தாயிரம் தரேன், எனக்கே வச்சிருங்க" என்றார். பிற்பகல் 2:30-க்கு காலை ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ் ஒருவர் "இன்னும் இருக்கா மேடம்?" என்று குழுவில் கேட்டார்.

விற்றவர் நேர்மையான ஆள். முதலில் கேட்ட சாருக்கே என்று சொல்லி மற்ற மூவரையும் திருப்பி அனுப்பினார். அந்த சார் அப்போது கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஞாயிறு காலை போன் எடுக்கவில்லை. லாரி வந்தது. மெஷினை லாரியில் ஏற்ற இடமில்லை, கீழே விட்டுப் போகவும் முடியாது. கடைசியில் காயலாங்கடைக்காரர் 1,500 ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார். திங்கட்கிழமை சார் வந்து, "நான் முதல்ல சொல்லியும் வித்துட்டீங்களே" என்று குழுவில் நீளமாக எழுதினார். சி பிளாக் பெண் அதற்கும் நீளமாகப் பதில் எழுதினார். அன்று குழுவை இரண்டு மணி நேரம் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் கேட்டவருக்கு

பெரும்பாலான குடியிருப்புகளில் எழுதாத சட்டம் இதுதான். வேகமானது, எல்லோருக்கும் உடனே புரியும், செய்தியின் நேரமே சாட்சி. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. வாஷிங் மெஷின் கதை இரண்டிலும் விழுந்தது.

முதல் ஓட்டை, 'கேட்பது' என்றால் என்ன என்று யாரும் சொல்லாதது. 'இன்ட்ரஸ்டட்' என்பது கேள்வியா, வாக்குறுதியா? எழுதியவருக்கு அது ஆர்வம். விற்பவருக்கு அது வாக்கு. ஒரு சொல்லை நிர்ணயித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் குழுவில் இப்போது 'வேணும்' என்ற சொல்லும், பார்க்க வரும் நேரமும் சேர்ந்து இருந்தால்தான் கணக்கு. "வேணும், இன்று 11 மணிக்கு வருகிறேன்." நேரம் இல்லாத 'வேணும்' வரிசையில் சேராது. தனிச்செய்தியில் கேட்டதும் சேராது, ஏனென்றால் அதை வேறு யாராலும் பார்க்க முடியாது.

இரண்டாவது ஓட்டை, உரிமை காலாவதி ஆகாதது. இதுதான் பெரியது. சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் தாண்டினால் அடுத்தவருக்குப் போகும் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அந்த மெஷின் காயலாங்கடைக்குப் போயிருக்காது. கும்பகோணத்தில் இருப்பவர் 'ஞாயிறு மாலை' என்றுதான் நேரம் எழுத முடியும், அதைப் பார்த்ததுமே விற்பவர் "பகலில் லாரி சார், முடியாது" என்று சொல்லியிருப்பார். சி பிளாக் பெண் பதினோரு மணிக்குப் பார்த்து, பன்னிரண்டுக்குள் பணம் கொடுத்திருப்பார்.

ஒரு சின்ன தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. நெட்வொர்க் இல்லாத லிஃப்டுக்குள் நின்று அனுப்பிய செய்தி, அனுப்பியவர் போனில் ஒரு வரிசையிலும் மற்றவர்கள் போனில் வேறு வரிசையிலும் தெரியலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட்டுடன் என் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். விற்பவர் போனில் தெரியும் வரிசையே இறுதி என்று எழுதி வைத்தோம். அதற்கப்புறம் அந்தச் சண்டை வரவில்லை.

இரண்டு ஓட்டையையும் அடைத்தாலும் ஒரு குறை மிச்சமிருக்கும். நர்ஸ் மேடம் பிற்பகல் 2:30-க்குத்தான் போனைப் பார்க்க முடியும். இந்த விதியில் அவருக்கு எந்தப் பொருளும் என்றைக்கும் கிடைக்காது. எங்கள் குழுவில் நல்ல பொருள் எது வந்தாலும் ஐந்தாறு வீடுகளின் பெயரே திரும்பத் திரும்ப வந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், போன் கையிலேயே இருக்கும். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனால் மற்றவர்கள் மெல்ல மெல்லக் குழுவைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

விற்பவர் விரும்பியவருக்கு

"என் பொருள், யாருக்கு வேணாலும் குடுப்பேன்" என்பதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படியும் அதுதான் சரி. சங்கமோ அட்மினோ யாரையும் யாருக்கும் விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. குழுவின் விதி என்பது குழுவில் போட்டால் இப்படி நடந்துகொள்வோம் என்ற ஒப்புதல் மட்டுமே.

ஆனால் இந்த விதியில் எல்லாப் பேச்சும் தனிச்செய்திக்குப் போய்விடும். அங்கே பத்தாயிரம் தருகிறேன் என்றவர் ஜெயிப்பார். 9,000 என்று பார்த்துவிட்டு ஏடிஎம்முக்குப் போய் வந்தவருக்கு, தான் தோற்றது ஒரு ஏலத்தில் என்பதே தெரியாது. மாடி வேறாக இருந்தாலும் லிஃப்ட் ஒன்றுதானே; இரண்டு நாளில் விஷயம் வெளியே வந்துவிடும். அப்புறம் சாதி, ஊர், சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று எல்லா ஊகமும் கிளம்பும். உண்மையில் காரணம் ஆயிரம் ரூபாயாகத்தான் இருந்திருக்கும்.

இந்த விதியில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தொட்டிலைத் தெரிந்த வீட்டுக்குத்தான் தருவேன் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். நியாயமான ஆசை. அவர்கள் தெரிந்தவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அவருக்கு வேண்டாம் என்றால் குழுவில் போடட்டும். குழுவில் போட்டபின் போட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது. குறைத்துக் கொடுப்பது அவர் இஷ்டம்.

அதிகம் தருபவருக்கு

ஏலத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எங்கள் குழுவில் இரண்டு பேர் உண்டு, இருவருமே நிறைய விற்பவர்கள். தனிச்செய்தியில் கள்ளத்தனமாக நடப்பது வெளிப்படையாக நடக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம்தான். நம் மெஷினை 9,000-லிருந்து 500 ரூபாய் படியாக, இரவு 8 மணி வரை ஏலம் விட்டிருந்தால் விற்றவருக்கு 10,000-க்கு மேல் கிடைத்திருக்கலாம்.

நடைமுறையில் மூன்று இடத்தில் இடித்தது. 7:59 வரை யாரும் வாயே திறக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு செய்திகள் மோதும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும் என்று வைத்து இதைச் சமாளித்தோம். அடுத்தது, ஜெயித்தவர் அப்புறம்தான் பொருளைப் பார்க்கிறார். பார்த்ததும் "இதுக்கா பத்தரை?" என்று பின்வாங்கினால், இரண்டாவது இடத்தில் இருந்தவர் தான் கேட்ட 10,000-ஐத் தர மாட்டார், போட்டியாளர் இல்லாதபோது ஏன் அவ்வளவு என்பார். மூன்றாவதுக்கு மருந்தே கிடையாது: விற்பவரின் நண்பர் எதிர்வீட்டில் இருந்துகொண்டு விலையை ஏற்றிவிடலாம். கண்டுபிடிக்க வழியில்லை, சந்தேகம் மட்டும் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட விலைக்கு மேல் எல்லோர் முன்னாலும் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். கூச்சமில்லாதவர்களுக்கே பொருள் போகும்.

ஏலம் பொருந்துகிற பொருட்கள் இருக்கின்றன. தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், பித்தளை அண்டா, பழைய தஞ்சாவூர் ஓவியம் மாதிரி, விலை என்ன என்று விற்பவருக்கே தெரியாதவை. அதற்கு மட்டும், "இது ஏலம்" என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டு, ஏலத்துக்கு முன்பே பார்க்க நேரம் ஒதுக்கி நடத்தலாம்.

சீட்டில் பெயர் வந்தவருக்கு

காலையில் படம் போடுவது, இரவு 8 மணி வரை யார் வேண்டுமானாலும் 'வேணும்' சொல்லலாம், யார் முதலில் என்பது கணக்கில்லை, 8:15-க்குச் சீட்டு. நர்ஸ் மேடத்துக்கு வாய்ப்பு கிடைப்பது இந்த ஒரு விதியில்தான். நம் கதையில் கல்யாணத்துக்குப் போன சார் உட்பட நான்கு பெயர் வந்திருக்கும், முதல் பெயர்க்காரர் அன்றிரவு ஒன்பது மணிக்குள் பார்த்து முடிவு சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஞாயிறு காலை இரண்டாமவர். லாரிக்கு முன் மெஷின் கைமாறியிருக்கும். ஒரு பெயரை மட்டும் எடுக்காமல் எல்லாச் சீட்டையும் எடுத்து முழு வரிசையும் எழுதிவிட வேண்டும். முதல் ஆள் வேண்டாம் என்றால் மறுபடி சீட்டுப் போடத் தேவையிருக்காது.

யார் சீட்டு எடுப்பது என்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் தடவை நான் எடுத்தேன், என் எதிர்வீட்டுக்காரருக்கு விழுந்தது. கேள்வி வராமல் இருக்குமா? ஆளே தொடாத ஒரு எண் வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். மறுநாள் காலை சென்னையில் அறிவிக்கப்படும் பவுன் விலையை எத்தனை பேர் கேட்டார்களோ அந்த எண்ணால் வகுப்பது. மீதி 1 வந்தால் முதல் பெயர், 2 வந்தால் இரண்டாம் பெயர், மீதி இல்லையென்றால் கடைசிப் பெயர். பிரமாதமாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டோம். நான்கு பேர் கேட்ட பொருள் ஒன்று, கடைசிப் பெயருக்குப் போனது. அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கும் நான்கு பேர், அதுவும் கடைசிப் பெயருக்கு. சி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: பவுன் என்றால் எட்டு கிராம். கிராம் விலை முழு ரூபாயில் இருக்கும். அப்படியானால் பவுன் விலை என்றைக்கும் எட்டின் மடங்கு. இரண்டு, நான்கு, எட்டு பேர் கேட்டால் மீதி வரவே வராது. சரி, கிராம் விலையை வைத்துக்கொள்வோம் என்றால், அது பெரும்பாலும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகிறது; ஐந்து பேர் கேட்டால் அங்கேயும் அதே கதை.

இப்போது பழையபடி சொம்பும் சீட்டும்தான். இரவு 8:15-க்கு செக்யூரிட்டி கேபின் முன்னால், விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம், யாராவது ஒருவர் வீடியோ எடுத்துக் குழுவில் போடுகிறார். குழந்தைகளுக்கு இதில் இருக்கும் ஆர்வம் தனி.

இந்த விதியின் குறை தாமதம். 300 ரூபாய் குக்கருக்கு இரவு வரை காத்திருந்து சீட்டுப் போடுவது அபத்தம். அவசரமாகக் காலி செய்பவர்களுக்கும் ஒத்துவராது. வீட்டில் நான்கு பேரும் தனித்தனியாக 'வேணும்' போடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு என்று தெளிவாக எழுத வேண்டும்.

என் முடிவு இரண்டையும் கலந்தது. 2,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் முதலில் 'வேணும்' சொன்னவருக்கு, காலாவதியோடு. 2,000-மும் அதற்கு மேலும் என்றால் இரவுச் சீட்டு. 2,000 என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் குழுவில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், புத்தக அலமாரி எல்லாம் அதற்குக் கீழேயும், ஃப்ரிட்ஜ், கட்டில், சைக்கிள் எல்லாம் அதற்கு மேலேயும் விழுகின்றன. உங்கள் குடியிருப்பில் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். 40, 50 வீடுகள் மட்டும் உள்ள இடத்தில் சீட்டே தேவைப்படாது. அங்கே ஒரு பொருளை இரண்டு பேர் கேட்பதே அபூர்வம், முதலில் கேட்டவருக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் வாங்கலாமா

வரிசையைக் காப்பாற்ற முன்பணம் கேட்கலாமே என்று தோன்றும். பார்க்கும் முன் அட்வான்ஸ் வாங்குவதை நான் எதிர்க்கிறேன். 500 ரூபாய் யுபிஐயில் போட்டவர் வந்து பார்த்து, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கேட்பார். "உங்களுக்காக மத்தவங்களை அனுப்பிட்டேனே" என்று இவர் தர மறுப்பார். அட்மின் வீட்டுக் காலிங் பெல் அடிக்கும். பார்ப்பது வரை பணம் பேசக் கூடாது. பார்த்துச் சம்மதித்த அதே மணி நேரத்தில் பாதிப் பணம், தூக்கிச் செல்லும்போது மீதி, தூக்கிச் செல்ல 24 மணி நேரம். பாதி கொடுத்தவர் 24 மணியில் எடுக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். அபராதம் பிடிப்பதை வைக்கவில்லை. அபராதத்தை வசூலிக்கும் அளவுக்கு நாங்கள் யாரும் பெரிய ஆள் இல்லை.

விற்பனையில் ஒரு சதவீதம் சங்க நிதிக்கு என்று ஒரு யோசனையும் வந்தது. காசு வாங்கினால் பொருளுக்கும் சங்கம் பொறுப்பாகிவிடும். வேண்டாம் என்றோம்.

பழுது தெரிந்தால்

இங்கேயும் தேர்வு உண்டு. 'பார்த்து வாங்கியபின் பேச்சில்லை' என்று வைக்கலாம், அல்லது ஏழு நாள் உத்தரவாதம் என்று வைக்கலாம். முதலாவது விற்பவருக்குச் சாதகம். கண்ணுக்குத் தெரியாத பழுது எல்லாம் வாங்கியவர் தலையில். இரண்டாவது வைத்தால் யாரும் மின்பொருளை விற்கவே மாட்டார்கள். ஐந்து வருட மெஷினுக்கு ஏழு நாள் உத்தரவாதம் தர எவருக்குத் தைரியம் வரும்? நாங்கள் நடுவில் நின்றோம். விற்பவர் எழுதியதற்கு மட்டும் அவர் பொறுப்பு, 48 மணி நேரத்துக்கு. "நன்றாக ஓடுகிறது, சத்தமில்லை" என்று எழுதியிருந்து சத்தம் வந்தால் பணம் திரும்ப வர வேண்டும். "ஸ்பின்னில் சத்தம் வரும், அதனால்தான் 5,000" என்று எழுதியிருந்தால் வாங்கியவர் பாடு.

இது வேலை செய்ய வேண்டுமானால் பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். குழாயையும் ப்ளக்கையும் கழற்றி வராந்தாவில் வைத்த மெஷினைப் பார்த்து என்ன தெரியும்? கழற்றும் முன் காட்ட வேண்டும் என்பதும் எங்கள் விதி. ஃப்ரன்ட் லோட் என்றால் நான்கைந்து ஈரத் துண்டுகளைப் போட்டு ஸ்பின்னை மட்டும் ஓட விடுங்கள். பேரிங் போயிருந்தால் வேகம் ஏற ஏற விமானம் கிளம்புவது போல ஒரு உறுமல் வரும். நிறுத்தியபின் கதவைத் திறந்து உள் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். மொத்தமாக அசைந்தால் கவலையில்லை, அது ஸ்பிரிங்கில் தொங்குவது. உள் டிரம் மட்டும் ரப்பர் வளையத்தை விட்டுத் தனியாக ஆடினால் பேரிங்தான். பல மாடல்களில் வெளித் தொட்டியை ஒட்டியே மூடியிருப்பார்கள். பேரிங்கை மட்டும் மாற்ற முடியாமல் தொட்டியோடு மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு 9,000 கொடுத்ததே வீண். ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்பை விரித்துப் பாருங்கள், கிழிசலும் கறுப்புப் பூஞ்சையும் அங்கேதான் இருக்கும். போர் தண்ணீரில் ஓடிய மெஷினா, வாட்டர் சாஃப்ட்னர் இருந்ததா என்றும் கேளுங்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்.

புது மெஷின் வரும்போது பின்பக்கம் மாட்டியிருந்த டிரான்சிட் போல்ட்டுகளைப் பெரும்பாலானோர் தொலைத்திருப்பார்கள். ஏ பிளாக்கிலிருந்து சி பிளாக்குக்கு ட்ராலியில் நிமிர்த்தி வைத்துத் தள்ளிப் போனால் பரவாயில்லை. லாரியில் ஏற்றி ஊர் தாண்டிப் போவதென்றால் போல்ட் இல்லாமல் டிரம் குலுங்கி ஷாக் அப்சார்பர் உடையும். பெங்களூருக்குப் போகிறவர்கள் மெஷினை இங்கேயே விற்கப் பார்ப்பதற்குச் சில நேரம் இதுவும் காரணம்.

செல்போனுக்கு மட்டும் இரண்டு நிபந்தனை. விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வாங்குபவர் முன்னிலையில் வெளியேற வேண்டும்; இல்லையென்றால் ரீசெட் செய்தபின்னும் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். `*#06#` அடித்து வரும் 15 இலக்க எண்ணை, `KYM` என்று எழுதி இடைவெளி விட்டுச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். வண்டிகளைக் குழுவில் அறிவிக்கலாம், ஆனால் எங்கள் 48 மணி விதி அதற்குக் கிடையாது. படிவம் 29, 30 போட்டு ஆர்டிஓவில் பெயர் மாற்றும்வரை விபத்தோ அபராதமோ பழைய உரிமையாளர் வாசலுக்குத்தான் வரும்.

வாடகை வீட்டுப் பொருள்

இதை விதியில் சேர்க்கக் கொஞ்ச நாள் ஆனது. காலி செய்து போன ஒருவர் கீஸரையும் இரண்டு ஃபேன்களையும் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வீட்டு உரிமையாளர் வந்து பார்த்தால் கூரையில் கொக்கிதான் இருந்தது. அவை உரிமையாளர் வாங்கிப் போட்டவை. வாங்கிய இரு வீடுகளும் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள், அவர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது எப்படி? பேசிப் பேசி முடிவுக்கு வந்தது. இப்போது சுவரிலோ கூரையிலோ மாட்டிய பொருள் எதுவானாலும், வாடகைக்காரர் விற்றால் உரிமையாளரின் ஒரு வரிச் சம்மதம் குழுவில் வர வேண்டும். ஏசி, கீஸர், ஃபேன், சிம்னி, திரைச்சீலைக் கம்பி எல்லாமே இதில் அடக்கம்.

இலவசப் பொருள்

இலவசம் என்று போட்டால் முப்பது விநாடியில் பத்து 'வேணும்' வரும். அதில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். இலவசத்துக்கும் இரவுச் சீட்டு என்று வைத்ததும் அந்த அவசரம் அடங்கியது.

ஆனால் இலவசப் பொருள் நிஜமாகத் தேவைப்படுபவர்கள் பலர் இந்தக் குழுவிலேயே இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், செக்யூரிட்டி அண்ணன்கள். அவர்களைக் குழுவில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது சிலர் தயங்கினார்கள், காரணமும் சரியாகச் சொல்லவில்லை. மாற்று வழியாக செக்யூரிட்டி கேபினில் ஒரு சிலேட் மாட்டினோம். இலவசப் பொருள் முதலில் சிலேட்டில் ஒரு நாள் இருக்கும், அதற்கப்புறம்தான் குழுவுக்கு வரும். எடுத்துப் போகிறவருக்குக் கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். இல்லையென்றால் கேட்டில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், கொடுத்த பொருளுக்கே திருட்டுப் பட்டம் வந்துவிடும். ஒரு தடவை அப்படி நடந்து, அந்த அக்கா மறுநாள் வேலைக்கு வரவில்லை.

எங்கே நடத்துவது

இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பொதுக் குழுவிலேயே விற்கலாம் என்றால் தண்ணீர் லாரி வரும் செய்தியும் பழைய சோபாவும் கலந்து இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள். கேட் செயலியின் விற்பனைப் பக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் விருந்தாளியை உள்ளே விடுவதற்குத்தான் அதைத் திறக்கிறார்கள். டெலிகிராமில் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகளும் தெரியும்படி வைக்கலாம்; வசதி அதுதான் அதிகம். எங்கள் மாமிகளும் தாத்தாக்களும் வாட்ஸ்அப்பை விட்டு வர மாட்டார்கள் என்பதால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் 15 நிமிடம் வரை திருத்தலாம். 9,000 என்று போட்டு, ஐந்து பேர் கேட்டதும் 10,000 என்று திருத்தியவர் இருக்கிறார். விலையைத் திருத்தினால் அந்தச் செய்தி செல்லாது, மறுநாள் புதிதாகப் போட வேண்டும்.

புடவை வியாபாரமும் இட்லி மாவும் குழுவை விழுங்கிவிடும். அவற்றுக்கு வியாழக்கிழமை மட்டும். காஸ் சிலிண்டர் கூடவே கூடாது. சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நாம் டெபாசிட்தான் கட்டியிருக்கிறோம், ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வரும். மீந்துபோன மருந்தும் கூடாது.

இப்போது எங்கள் குழுவின் மேலே பின் செய்திருப்பது இவ்வளவுதான்:

"பொருள், வயது, தெரிந்த பழுது, விலை, எந்த நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என ஐந்தும் எழுதுங்கள். 2,000-க்குக் கீழ்: நேரத்தோடு 'வேணும்' என்று முதலில் சொன்னவருக்கு. சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி தாண்டினால் அடுத்தவர். 2,000 முதல்: இரவு 8 வரை பெயர், 8:15 சீட்டு, வீட்டுக்கு ஒன்று. இலவசம்: ஒரு நாள் சிலேட்டில், அப்புறம் இங்கே சீட்டு. போட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது. பார்க்கும் முன் பணம் இல்லை. எழுதியதற்கு 48 மணி பொறுப்பு. மாட்டிய பொருளுக்கு உரிமையாளர் சம்மதம்."

இதற்கும் அடங்காத ஒன்று கொலுப்படி. போன புரட்டாசியில் ஏழு படி, இரும்பில் செய்து மடக்கி வைப்பது, 3,500 ரூபாய்க்கு வந்தது. பதினோரு வீடுகள் பெயர் கொடுத்தன. சீட்டில் ஜெயித்த மாமிக்கு நவராத்திரி முடிந்ததும் அதை வைக்க இடமில்லை. அதே 3,500-க்குக் குழுவில் போட்டார். மறுபடி சீட்டா, போன தடவை இரண்டாவது வந்தவருக்கா என்று கேட்டார்கள். இரண்டாவது வந்தவர் பழைய வரிசையின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருந்தார். வரிசை அந்த விற்பனையோடு முடிந்தது என்று நான் சொன்னேன், கணக்கு டீச்சர் முடியவில்லை என்கிறார். படி இன்னும் கிளப் ஹவுஸ் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறது.